ஒரு பெயர், இரண்டு எண்கள்

எண்சோதிடம் என்பதை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவருடைய பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அவற்றைக் கூட்டி, வரும் எண்ணைக் கொண்டு அவருடைய வாழ்வுக்குப் பலன் சொல்லும் முறை அது. அந்தப் பலன் மெய்யா பொய்யா என்ற வழக்கை நான் முதலிலேயே எடுக்கப் போவதில்லை. அதற்கு முன்னால் கேட்கத்தக்க எளிய கேள்வி ஒன்று இருக்கின்றது. ஒரே பெயரை இரண்டு எண்சோதிடர்களிடம் கொடுக்கின்றோம். ஒருவர் அதன் எண் 8 என்கிறார். மற்றவர் 3 என்கிறார். இருவருடைய கூட்டலிலும் பிழை இல்லை. அப்படியிருக்க, விடை ஏன் வேறுபடுகின்றது?

காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அவர்கள் கையாளும் அட்டவணைகள் வேறு. ஒருவர் கையாள்வது பித்தாகரஸ் முறை. மற்றவர் கையாள்வது கல்தேயர் முறை. ஆனால் இத்துடன் நிறுத்திவிட்டால் நாம் ஒன்றும் அறிந்தவர்கள் ஆகமாட்டோம். அந்த இரண்டு அட்டவணைகளும் எவ்வாறு பிறந்தன, எந்த எழுத்துகளில் ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்தால்தான் உண்மை புலனாகும்.

எளியதை முதலில் எடுத்துக்கொள்வோம். பித்தாகரஸ் முறை என்று பெயர் பெற்றிருப்பது வெறும் வரிசைக் கணக்கு. ஆங்கில நெடுங்கணக்கில் முதல் எழுத்தாகிய ஏ என்பதற்கு 1. இரண்டாம் எழுத்துக்கு 2. இப்படியே ஒன்பதாம் எழுத்தாகிய ஐ என்பதற்கு 9. பத்தாம் எழுத்தாகிய ஜே வந்ததும் மறுபடி 1 என்று தொடங்கவேண்டும். பதினெட்டாம் எழுத்தாகிய ஆர் என்பதற்கு 9. பத்தொன்பதாம் எழுத்தாகிய எஸ் என்பதற்கு 1. இருபத்தாறாம் எழுத்தாகிய இசட் என்பதற்கு 8. இதில் மனப்பாடம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எழுத்தின் வரிசை எண்ணைத் தெரிந்துகொண்டு, அதன் இலக்கங்களைக் கூட்டினால் போதும். ஆர் பதினெட்டாவது, ஒன்றும் எட்டும் ஒன்பது. அவ்வளவுதான்.

கல்தேயர் முறையில் இந்த ஒழுங்கைக் காண முடியாது. அந்த அட்டவணையை நிதானமாகச் சொல்லுகிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம். ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் என்ற ஐந்து எழுத்துகளுக்கும் 1. ஏ என்பதற்கு அடுத்து வரும் பி, கே, ஆர் ஆகியவற்றிற்கு 2. சி, ஜி, எல், எஸ் ஆகியவற்றிற்கு 3. நான்காம் எழுத்தாகிய டி, எம், எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி ஆகியவற்றிற்கு 4. ஈ, எச், என், எக்ஸ் ஆகியவற்றிற்கு 5. யூ, வி, டபிள்யூ ஆகியவற்றிற்கு 6. ஓ, இசட் ஆகியவற்றிற்கு 7. எஃப், ஓவுக்கு அடுத்து வரும் பி ஆகியவற்றிற்கு 8. ஒன்பது என்ற எண் எந்த எழுத்துக்கும் இல்லை.

இனி ஒரு பெயரை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்களோடு வாழ்ந்த ஒருவருடைய பெயரே இதற்குப் பொருத்தமானது. 1887-ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920-இல் மறைந்த கணித மேதை ராமானுஜனின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அப்பெயரில் ஒன்பது எழுத்துகள் இருக்கின்றன: ஆர், ஏ, எம், ஏ, என், யூ, ஜே, ஏ, என்.

கல்தேயர் முறைப்படி இவற்றின் எண்கள் 2, 1, 4, 1, 5, 6, 1, 1, 5. கூட்டினால் 26, இரண்டும் ஆறும் எட்டு. பித்தாகரஸ் முறைப்படி 9, 1, 4, 1, 5, 3, 1, 1, 5. கூட்டினால் 30, மூன்றும் சுழியும் மூன்று. ஆகவே ஒரு முறையில் ராமானுஜன் எட்டாம் எண்ணுக்கு உரியவர். மற்றொரு முறையில் மூன்றாம் எண்ணுக்கு உரியவர்.

இரண்டு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒன்பது எழுத்துகளில் ஏழுக்கு இரண்டு முறைகளிலும் ஒரே எண்தான் வந்திருக்கின்றது. வேறுபட்டவை இரண்டே எழுத்துகள். ஆர் ஒரு முறையில் 2, மற்றதில் 9. யூ ஒரு முறையில் 6, மற்றதில் 3. ஒன்று ஏழு கூட்டுகிறது. மற்றொன்று மூன்று குறைக்கிறது. அதனால்தான் 26 என்பது 30 ஆயிற்று. ஆகவே நம்முடைய கேள்வி இப்போது சிறியதாகிவிட்டது. பெயர் ஏன் வேறு எண் தருகின்றது என்று கேட்கவேண்டியதில்லை. ஆர் என்ற எழுத்துக்கு ஒருவர் ஏன் 2 என்றும், மற்றவர் ஏன் 9 என்றும் சொல்லுகின்றனர் என்று கேட்டால் போதும்.

ஒன்பது வந்த வழி நமக்குத் தெரியும். ஆர் பதினெட்டாம் எழுத்து. இரண்டு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண நாம் ஆங்கிலத்தை விட்டு எபிரேய மொழிக்குப் போகவேண்டும்.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உண்டு. தமிழ் விவிலியத்தைப் புரட்டியவர்கள் 119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் என்று பகுதிதோறும் தலைப்பு இருக்கக் கண்டிருக்கலாம். அவை அந்த எழுத்துகளின் பெயர்களே. எபிரேயர் இந்த எழுத்துகளையே எண்களாகவும் வழங்கினர். முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரை. அடுத்த ஒன்பது எழுத்துகள் 10, 20, 30 என்று 90 வரை. எஞ்சிய நான்கு எழுத்துகள் 100, 200, 300, 400. இப்போது சுழிகளை நீக்கிவிட்டு, ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் அதன் ஒலிக்கு நெருங்கிய எபிரேய எழுத்தோடு வைத்துப் பாருங்கள். ரகர ஒலியுடைய ரேஷ் என்ற எழுத்தின் மதிப்பு 200. சுழிகளை நீக்கினால் 2. ஆர் என்பதற்குக் கல்தேயர் முறை தரும் எண் அதுவே. வகரத்துக்கும் உகரத்துக்கும் பொதுவான வாவ் என்ற எழுத்தின் மதிப்பு 6. யூ, வி, டபிள்யூ என்ற மூன்றுக்கும் 6 வந்த காரணம் அதுதான். யோத் என்ற எழுத்தின் மதிப்பு 10. அதனால் ஐ, ஜே, ஒய் மூன்றும் 1 பெற்றன. ஷின் 300, எனவே எஸ் 3. தாவ் 400, எனவே எஸ்ஸுக்கு அடுத்த டி 4. பகரமும் ஃபகரமும் ஆகிய பே என்ற எழுத்து 80; எனவே எஃப் உட்பட இரண்டு எழுத்துகளுக்கு 8. இப்படி வைத்துப் பார்த்தால் இருபத்தாறு எழுத்துகளில் எக்ஸ் ஒன்றைத் தவிர மற்ற இருபத்தைந்தும் பொருந்திவிடுகின்றன. ஒழுங்கில்லாதது போலத் தோன்றிய அட்டவணைக்குள்ளே பழைய ஒழுங்கு ஒன்று ஒளிந்திருப்பதைக் காண்கிறோம்.

இதைக் கொண்டே வேறொரு புதிரையும் அவிழ்க்கலாம். கல்தேயர் அட்டவணையில் ஒன்பது என்ற எண் ஏன் இல்லை? ஒன்பது புனிதமான எண். ஆகவே அதை எந்த எழுத்துக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தனர் என்று எண்சோதிட நூல்கள் கூறும். எபிரேய வரிசையைப் பார்த்தால் காரணம் மிக எளியது. சுழி நீக்கி ஒன்பது வரவேண்டுமானால் எழுத்தின் மதிப்பு 9 ஆகவோ 90 ஆகவோ இருக்கவேண்டும். 9 என்ற மதிப்புடையது தேத். அது ஒரு வகைத் தகரம். 90 என்ற மதிப்புடையது த்சாதே. அது தகரமும் சகரமும் கலந்த ஓர் ஒலி. தகர ஒலியுடைய ஆங்கில எழுத்து முன்பே தாவ் என்பதோடு சேர்ந்துவிட்டது. த்சாதே என்பதற்கு ஒத்த எழுத்தோ ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ஒன்பது என்ற இடத்துக்கு எழுத்து வாய்க்கவில்லை. புனிதம் என்ற விளக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் தோன்றுகின்றது.

இந்த அட்டவணை உண்மையில் கல்தேயருடையதுதானா என்று நீங்கள் கேட்கலாம். கல்தேயர் பாபிலோனை ஆண்டது கி.மு. 626 முதல் 539 வரை. அந்நாட்டின் பழைய எழுத்து களிமண் பலகையில் ஆப்பு வடிவில் பதித்த எழுத்து. அதில் சொற்களையும் அசைகளையும் குறிக்கும் நூற்றுக்கணக்கான குறிகள் இருந்தன. இருபத்தாறு எழுத்து அடங்கிய நெடுங்கணக்கு இல்லை. அரமேய மொழியின் 22 எழுத்துகளும் அக்காலத்தில் அங்கே வழங்கியது உண்மையே. ஆனால் அத்தகைய எழுத்துகளை எண்களாக வழங்கியதற்குரிய சான்றுகள் எபிரேயரிடையே கிடைப்பது கல்தேயர் ஆட்சி மறைந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். பெயருக்கு எண் உண்டு என்ற எண்ணம் மட்டும் அந்நிலத்தில் மிகப் பழமையானது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட இரண்டாம் சார்கோன், தான் கட்டிய நகரின் மதிலுக்கு 16,283 முழம் நீளம் வைத்ததாகவும், அது தன் பெயரின் எண் என்றும் பொறித்து வைத்தான். அந்த எண்ணை அவன் எப்படிக் கணக்கிட்டான் என்பது இன்றுவரை அறிஞர்களுக்கும் உறுதியாக விளங்கவில்லை. இன்று கல்தேயர் முறை என்று வழங்கும் அட்டவணையைப் பலரும் அறியச் செய்தவர் கீரோ என்ற புனைபெயர் கொண்ட அயர்லாந்துக்காரர். எண்களைப் பற்றிய அவருடைய நூல் 1926-இல் வெளிவந்தது.

பித்தாகரஸ் என்ற பெயரின் கதையும் இப்படிப்பட்டதே. பித்தாகரஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர். அவர் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய வழியினர் உலகத்தின் அடிப்படை எண்ணே என்று கருதியவர்கள். ஆனால் அவர் பெயரால் வழங்கும் அட்டவணை அவர் காலத்ததாக இருக்க முடியாது. இதற்குச் சான்று வெளியிலே தேடவேண்டியதில்லை, அட்டவணைக்குள்ளேயே இருக்கின்றது. அதில் ஜே பத்தாம் எழுத்து. ஐ, ஜே இரண்டும் பழைய இலத்தீனில் ஒரே எழுத்து. அவை தனித்தனி எழுத்துகளாக நிலைபெற்றது 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான். யூ, வி இரண்டும் பிரிந்ததும் அக்காலத்திலேயே. ஜே என்ற எழுத்தைப் பத்தாவதாக எண்ணும் அட்டவணை அதற்கு முற்பட்டதாக எப்படி இருக்கும்? இந்த வரிசை முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் அட்லாண்டிக் நகரில் வாழ்ந்த திருமதி எல். டௌ பாலியெட் என்ற அம்மையார். அவருடைய நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிவந்தன.

இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. கிரேக்கரும் தம் எழுத்துகளை எண்களாக வழங்கியவர்களே. அவர்களுடைய முறையில் அயோட்டா என்ற எழுத்துக்கு மதிப்பு 10. சுழியை நீக்கினால் 1. ஆங்கில ஐ பிறந்தது அந்த எழுத்திலிருந்துதான். ஆனால் பித்தாகரஸ் முறை ஐ என்பதற்கு 9 என்கிறது. கல்தேயர் முறைதான் 1 என்கிறது. கிரேக்கப் பெயர் தாங்கிய அட்டவணையைக் காட்டிலும், பாபிலோனியப் பெயர் தாங்கிய அட்டவணையே இவ்விடத்தில் கிரேக்க வழக்கோடு ஒத்துப்போகின்றது!

இப்போது ஒற்றுமைகளைக் கவனிப்போம். இரண்டு அட்டவணைகளிலும் ஒரே எண்ணைப் பெறும் எழுத்துகள் பத்து. ஏ முதல் ஈ வரை ஐந்து. ஜே முதல் என் வரை ஐந்து. முதல் ஐந்து ஒத்துப்போவதில் வியப்பில்லை. ஆங்கில வரிசையும் எபிரேய வரிசையும் ஒரே பழைய மூலத்திலிருந்து வந்தவை. தொடக்கத்தில் அவை இணையாகவே நடக்கின்றன. இடையில் இலத்தீன் சில எழுத்துகளைக் கைவிட்டது. சிலவற்றை இடம் மாற்றியது. அதனால் எபிரேயத்தில் பதினோராவதாக இருந்த ககர எழுத்து இலத்தீனில் பத்தாவதாயிற்று. பல நூற்றாண்டுகள் கழிந்தபின் ஜே தனி எழுத்தாகப் பிரிந்து பத்தாம் இடத்தில் வந்து அமர்ந்தது. உடனே கே மீண்டும் பதினோராவதாயிற்று. அதைத் தொடர்ந்து எல், எம், என் ஆகியவையும் பழைய எண்களுக்குத் திரும்பின. அச்சுத்தொழில் வளர்ந்த காலத்தில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிரிவினையால்தான் இந்த இரண்டாவது ஐந்து எழுத்துகளும் இன்று இரு முறைகளிலும் ஒத்துப்போகின்றன.

ஆகவே இந்தப் பத்து எழுத்துகள் மட்டுமே அமைந்த பெயராக இருந்தால் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தந்தே தீரும். கமலா என்ற பெயரைப் பாருங்கள்: கே 2, ஏ 1, எம் 4, ஏ 1, எல் 3, ஏ 1, மொத்தம் 12, அதாவது 3. இரண்டிலும் இதுவே. லீலா என்ற பெயர், இடையில் இரண்டு ஈ சேர்த்து எழுதினால், 3, 5, 5, 3, 1. மொத்தம் 17, அதாவது 8. இதுவும் இரண்டிலும் ஒன்றே. இத்தகைய பெயருடையவர் இரண்டு சோதிடர்களிடம் சென்று ஒரே எண்ணைக் கேட்டு வியந்து போகலாம். அந்த ஒற்றுமைக்குக் காரணம் அவருடைய எழுத்துகள் விழுந்த இடமே.

இதுவரை கேட்டவர்கள் ஒரு சமாதானம் சொல்லக்கூடும். ஒரே வெப்பத்தை ஒரு கருவி சென்டிகிரேடு அளவில் 100 என்று காட்டுகிறது; வேறொரு கருவி பாரன்ஹீட் அளவில் 212 என்று காட்டுகிறது. எண் வேறு, பொருள் ஒன்று. அதுபோல இந்த இரண்டு முறைகளும் ஒரே உண்மையை இரண்டு அளவுகளில் சொல்லலாம் அல்லவா? நல்ல வாதம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. சென்டிகிரேடு அளவு தெரிந்தால் பாரன்ஹீட் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஓர் அளவில் சமமாக இருக்கும் இரண்டு பொருள்கள் மற்றோர் அளவிலும் சமமாகவே இருக்கும். பெயர் எண்களில் அப்படி இருக்கின்றதா?

கல்தேயர் முறையில் லீலாவுக்கும் ராமானுஜனுக்கும் எண் ஒன்றே; இருவரும் 8. பித்தாகரஸ் முறையிலோ லீலா 8, ராமானுஜன் 3. திருப்பிப் பாருங்கள். பித்தாகரஸ் முறையில் கமலாவும் ராமானுஜனும் 3. கல்தேயர் முறையில் கமலா 3, ராமானுஜன் 8. ஒரு முறையில் கூடியிருப்பவர்களை மற்றொரு முறை பிரித்துவிடுகின்றது. ஓர் எண்ணைக் கொண்டு மற்றதை அறிவதற்கு விதி எதுவும் இருக்க முடியாது. ஆகவே இவை ஒரே பொருளை அளக்கும் இரண்டு அளவுகோல்கள் அல்ல. ஒன்று எழுத்தின் வரிசையை எண்ணுகின்றது. மற்றொன்று எழுத்தின் ஒலிக்கு எபிரேயத்தில் வழங்கிய மதிப்பை எண்ணுகின்றது.

அட்டவணையோடு வேறுபாடு முடிந்துவிடவில்லை. எந்தப் பெயரைக் கணக்கிடுவது என்பதிலும் இரு முறையினரும் வேறுபடுகின்றனர். கீரோவின் வழியினர், ஒருவர் பெரும்பாலும் எந்தப் பெயரால் அழைக்கப்படுகின்றாரோ அந்தப் பெயரை எடுப்பர். மற்ற முறையினர், பிறந்தபோது பதிவான முழுப் பெயரை எடுப்பர். ராமானுஜனின் பெயரை முழுமையாகச் சீனிவாச ராமானுஜன் என்று ஆங்கில வழக்கப்படி எழுதினால் முதற் பகுதி கல்தேயர் முறையில் 23, பித்தாகரஸ் முறையில் 40. இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் கல்தேயர் முறையில் 49. நான்கும் ஒன்பதும் பதின்மூன்று. ஒன்றும் மூன்றும் நான்கு. பித்தாகரஸ் முறையில் 70, அதாவது 7. நம் வழக்கப்படி எஸ் என்ற தலைப்பெழுத்தை மட்டும் முன்னால் வைத்தால் கல்தேயர் முறையில் 29. அது பதினொன்றாகி 2 ஆகின்றது. பித்தாகரஸ் முறையில் 31, அதாவது 4.

சீனிவாசன் என்பது ராமானுஜனின் தந்தை பெயர் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். மேல்நாட்டார் முழுப் பெயர் என்றால் இட்ட பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்தது. நமக்கோ தலைப்பெழுத்து என்பது தந்தையின் பெயர். மேல்நாட்டுப் பெயர்களுக்கென்று வகுத்த விதியைத் தலைப்பெழுத்து வைக்கும் நம் பெயர்களுக்குப் பொருத்தும்போது, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பது கணக்கிடுபவர் விருப்பமாகிவிடுகின்றது.

இன்னும் ஒன்று. சிலர் இப்பெயரின் இறுதியில் என் போடாமல் எம் போட்டு, ராமானுஜம் என்று எழுதுவர். அப்போது கல்தேயர் முறையில் 25, அதாவது 7. பித்தாகரஸ் முறையில் 29, அதாவது 11. அம்முறையினர் 11, 22 போன்ற எண்களைத் தலைமை எண்கள் என்று சொல்லி, மேலும் சுருக்காமல் அப்படியே நிறுத்திவிடுவர். ஆகவே விடை 2 அன்று, 11.

இதுவரை ஒரே மனிதருக்குக் கிடைத்த எண்களைத் தொகுத்துப் பாருங்கள்: 2, 3, 4, 7, 8, 11. இரண்டு அட்டவணைகள், மூன்று வகைப் பெயர் வழக்கு, ஓர் எழுத்து மாற்றம். இவ்வளவிலேயே ஆறு வெவ்வேறு எண்கள் கிடைத்துவிட்டன. மேலும் ஓர் ஏ சேர்த்தும், ஓர் எச் சேர்த்தும் எழுதத் தொடங்கினால் எஞ்சிய எண்களும் வந்து நிற்கும். ஒருவர் வாழ்க்கையில் நடந்து முடிந்ததற்குப் பொருத்தமான எண்ணைப் பின்னால் தேடிக் கண்டுபிடிப்பது இதனால்தான் எளிதாகின்றது. வெற்றி பெற்றவருக்கு ஏற்ற எண் வேண்டுமா? அதைத் தரும் அட்டவணையும் எழுத்துமுறையும் இருக்கவே இருக்கின்றன. தோல்வியுற்றவருக்கு ஏற்ற எண் வேண்டுமா? அதுவும் கிடைக்கும்.

ஆகவே யாரேனும் உங்கள் பெயருக்கு எண் கணித்துச் சொன்னால், மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அட்டவணை? பெயரின் எந்த வடிவம்? மற்ற அட்டவணையில் வரும் எண்ணுக்கு என்ன பலன், அது ஏன் பலிக்காது? முதல் இரண்டுக்கும் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை சொல்லவேண்டுமானால், ஓர் அட்டவணைக்கு உரிய பலன் மெய்யாகவும் மற்றதன் பலன் பொய்யாகவும் போனதைச் சோதித்துக் காட்டியிருக்கவேண்டும். அத்தகைய நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. கூட்டல் சரியாக இருக்கலாம். ஆனால் கூட்டிய எண்ணிலிருந்து மனிதனுடைய வாழ்வுக்குத் தாவும் அந்த அடி, கணிதத்தின் அடி அன்று. அது நம்பிக்கையின் அடி.

மாணவர்களிடம் இதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துமுறை பள்ளியிறுதிச் சான்றிதழில் ஒருமுறை ஏறிவிட்டால், பின்னர் வரும் சான்றிதழ்களும் அலுவலகப் பதிவுகளும் அதையே பின்பற்றும். எண்ணைக் கருதி நடுவிலே ஓர் எழுத்தைக் கூட்டினால், ஒரு சான்றிதழில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறு பெயருமாக நிற்கும். பிறகு அதைச் சரிசெய்ய விண்ணப்பமும், அரசிதழில் அறிவிப்பும், நாள்கணக்கில் அலைச்சலும் வேண்டியிருக்கும். எழுத்தைக் கூட்டுவது அவரவர் உரிமை. ஆனால் கூட்டுவதற்கு முன் ஒன்றை அறிந்திருத்தல் நலம். ஓர் அட்டவணையில் நல்லது என்று சொல்லும் எண்ணைப் பெறுவதற்காகச் செய்யும் மாற்றம், அதே வேளையில் மற்ற அட்டவணையில் தீயது என்று சொல்லும் எண்ணில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

எண்ணின் இயல்பு எது, எழுத்தின் வழக்கு எது என்று பிரித்தறிய ராமானுஜனே நமக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டையும் விட்டுச் சென்றிருக்கின்றார். அவர் நோயுற்றிருந்தபோது பார்க்கச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அப்படியன்று என்று ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 12-இன் கனம் 1728. அதோடு 1-இன் கனத்தைக் கூட்டினால் 1729. 10-இன் கனம் 1000, 9-இன் கனம் 729, கூட்டினாலும் 1729. இதைத் தமிழ் இலக்கத்தில் எழுதிப் பாருங்கள், உரோமானிய இலக்கத்தில் எழுதிப் பாருங்கள், விடை மாறாது. அது எண்ணின் இயல்பு. ராமானுஜன் என்ற பெயருக்கு 8 என்பதும் 3 என்பதும் அப்படிப்பட்டவை அல்ல. ஆர் என்ற எழுத்தை எபிரேய ரேஷோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று. ஆங்கில வரிசையில் பதினெட்டாவதாக வைத்துப் பார்த்தால் மற்றொன்று. அவை எழுத்தைப் பற்றிய செய்தி. அந்த எழுத்தால் குறிக்கப்பட்ட மனிதரைப் பற்றிய செய்தி அன்று.